ஆபரேஷன் யாருக்கு? காவிரி டெல்டாவில் குடும்பக் கட்டுப்பாடு வென்ற விதம்

2019க்கும் 2021க்கும் இடையே எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கான ஒரு வரி வியக்க வைக்கும். 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 0.1 சதவீதம், ஆயிரத்தில் ஒருவர். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் போய் விசாரித்தாலும் இதே கதைதான். "எங்க தெருவுல ஆம்பளைங்க யாரும் பண்ணிக்கிட்டதா கேள்விப்பட்டதே இல்லை" என்பார்கள்.

ஆனால் இந்த மாநிலத்தில் அரசின் பிரச்சாரம் முதலில் தேடிப் போனது ஆண்களைத்தான். இரண்டு ஆபரேஷன்களில் எளியதும் அவர்களுக்கானதுதான். பணமும் அவர்களுக்கே கூடுதலாகத் தரப்பட்டது. அப்படியிருந்தும் தோற்றது அது. சிக்கலான மற்றொன்று ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. சுவரொட்டியும் ஊக்கத்தொகையும் இந்த வித்தியாசத்தை விளக்கவில்லை. ஊரில் ஏற்கெனவே இருந்த வழக்கத்தோடு எது ஒட்டிக்கொண்டது, எது முட்டிக்கொண்டது என்று பார்த்தால்தான் புரிகிறது.

இந்தியா 1952இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கியது. உலகில் முதலில் அப்படிச் செய்த நாடு இதுதான். சென்னை மாநிலத்தில் அதற்கு முன்பே பேச்சு தொடங்கியிருந்தது. பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் 1930களிலேயே கர்ப்பத்தடையை மேடையில் பேசினார்கள். நாட்டின் நன்மை, உணவுப் பஞ்சம் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, பெண் தன் உடம்புக்குத் தானே எஜமானியாக இருக்க வேண்டும் என்பது பெரியாரின் வாதம். அந்த வாதம் அரசாங்கக் கோப்புக்குள் போகவே இல்லை என்பது என் கருத்து. கோப்புக்குள் போனது எண்ணிக்கைதான். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர்.ஏ. கோபாலசாமி பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளராக வந்தார். 1956 முதல் இங்கே ஆபரேஷன் செய்துகொள்பவருக்கு ரொக்கம் தரப்பட்டது. ஆள் கூட்டிவருபவருக்கும் காசு என்ற ஏற்பாடு சில ஆண்டுகளில் சேர்ந்துகொண்டது. ஏறக்குறைய எல்லாமே ஆண்களுக்கான வாசக்டமி.

அதற்குக் காரணமும் இருந்தது. வாசக்டமிக்கு வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, முழு மயக்கம் தேவையில்லை. மரத்துப்போக ஒரு ஊசி, விந்து வரும் இரு குழாய்களையும் கட்டி வெட்டுவது, கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். டாக்டர் குறைவு, ஆஸ்பத்திரி குறைவு என்றிருந்த காலத்தில் ஒரு முகாமில் வரிசையாகச் செய்ய முடிந்த ஆபரேஷன் இதுதான்.

அதன் முடிவு எமர்ஜென்சியில் வந்தது. 1976-77 என்ற ஒரே ஆண்டில் நாடு முழுவதும் 82 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் நடந்தன. அவற்றில் முக்கால் பங்கு ஆண்களுக்கு. இலக்கு கொடுக்கப்பட்டது. வாத்தியாருக்கும் வருவாய்த்துறை ஊழியருக்கும் இத்தனை ஆள் கொண்டுவா என்று கட்டாயம் வந்தது. வட மாநிலங்களில் நடந்த கொடுமைகள் நாடறிந்தவை. அடுத்த ஆண்டே மொத்த எண்ணிக்கை பத்து லட்சத்துக்கும் கீழே சரிந்தது. அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் ஆண்களிடம் இந்தப் பேச்சை உரக்கப் பேசத் துணியவில்லை. திட்டத்தின் பெயரையே குடும்பநலம் என்று மாற்றிக்கொண்டார்கள்.

சரி, எமர்ஜென்சிதான் காரணம் என்று முடித்துவிடலாமா? முடியாது. அந்த அச்சம் நினைவில் இல்லாத தலைமுறை பிறந்து, வளர்ந்து, அதுவும் பிள்ளை பெற்றுவிட்டது. தழும்பே இல்லாத, கத்தி படாத முறையும் வந்துவிட்டது. சின்னத் துளை ஒன்று போட்டு, தையல்கூட இல்லாமல் முடிக்கிறார்கள். 2007இல் மத்திய அரசு வகுத்த கணக்கில் ஆணுக்கு ஈட்டுத்தொகை 1,100 ரூபாய், ஏழைப் பெண்ணுக்கு 600. அப்படியும் ஆள் வரவில்லை.

டெல்டாவில் அதற்குச் சொல்லப்படும் காரணம் பலம். ஏர் பிடிப்பவன், மூட்டை தூக்குபவன், வரப்பு வெட்டுபவன், வலை இழுப்பவன் எல்லோருக்கும் உடம்புதான் மூலதனம். "அங்க கத்தி வச்சா பாரம் தூக்க முடியாது" என்ற நம்பிக்கை ஆண்களைவிட அவர்களுடைய அம்மாக்களிடமும் மனைவிகளிடமும் கெட்டியாக இருக்கிறது. மருத்துவப்படி இது தவறு. விந்துக் குழாயை வெட்டுவதால் விதைப்பையில் சுரக்கும் ஹார்மோன் குறையாது. அது ரத்தத்தில் நேராகக் கலக்கிறது. ஒரு வாரம் கனமான வேலை செய்யாமலிருந்தால் போதும். ஆனால் மனைவியின் கணக்கு வேறு. சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டால் என்ன செய்வது, அதற்கு நானே படுத்துக்கொள்கிறேன் என்கிறாள். இத்தனைக்கும் நடவும் களையெடுப்பும் அறுப்பும் அவள் கையில்தான் இருந்தன. அவள் கூலி இல்லாவிட்டாலும் அடுப்பு எரியாது. அந்த உழைப்பு மட்டும் பலம் என்ற கணக்கில் வருவதில்லை.

இன்னொரு காரணத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. வாசக்டமி செய்த அன்றே அது வேலை செய்யத் தொடங்குவதில்லை. வெட்டுக்கு அப்பால் குழாயில் ஏற்கெனவே தங்கியிருக்கும் உயிரணுக்கள் வெளியேற ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதுவரை வேறு தடுப்பு தேவை. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, உயிரணு இல்லை என்று தெரிந்த பிறகுதான் கவலையில்லை. முகாமில் இதைச் சொல்லாமல் விட்டாலோ, சொல்லியும் காதில் வாங்காமல் போனாலோ, அந்த இடைவெளியில் மனைவி கர்ப்பமாகிவிடலாம். அப்போது ஊர் டாக்டரைக் குறை சொல்லாது. "அவனுக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே, அப்புறம் எப்படி?" என்று ஒரே கேள்விதான் கேட்கும். பெண்ணுக்குச் செய்த ஆபரேஷன் தவறினால் அது ஆஸ்பத்திரியின் தவறு. ஆணுக்குச் செய்தது தவறினால் அது அவள் நடத்தை. ஒரு கிராமத்தில் ஒருமுறை இப்படி நடந்தால் போதும், இருபது வருஷத்துக்கு அங்கே எந்தப் பிரச்சாரமும் எடுபடாது. பெண்களே கணவனை இதற்கு அனுப்பத் தயங்குவதில் இந்தப் பயத்துக்கும் பங்கு உண்டு.

ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்கள் கருத்தடை இருவாரம் அனுசரிக்கப்படுகிறது. டெல்டாவில் அது வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரம். சம்பாவில் தண்ணீர் வடிக்க ஓடிக்கொண்டிருப்பவரைப் பிடித்து ஆபரேஷன் பற்றிப் பேசச் சொன்னால் அந்த சுகாதார ஆய்வாளர்தான் என்ன செய்வார்?

இப்போது பெண் பக்கம் வருவோம். மன்னார்குடி அருகே ஒரு கூலி விவசாயக் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தியின் கதை இல்லை இது. பலர் சொல்வதைச் சேர்த்து வைத்த மாதிரிக் குடும்பம். பெண்ணுக்கு இருபதில் கல்யாணம். மூன்றாம் மாதமே "ஏதும் விசேஷம் உண்டா?" என்று விசாரிப்பு தொடங்கிவிடும். முதல் குழந்தையைத் தள்ளிப்போடுவதற்கு இங்கே இடமே இல்லை. மாத்திரை, ஆணுறை என்று பேசினால் அவளுக்கு ஏதோ குறை என்று ஆகிவிடும். இருபத்தொன்றில் முதல் குழந்தை. இரண்டு மூன்று வருஷம் கழித்து இரண்டாவது. வழக்கம் சொல்லும் வேலை அத்தோடு முடிந்தது.

இரண்டாவது கர்ப்பத்தை கிராம சுகாதார செவிலியர் பதிவு செய்யும்போதே ஆபரேஷன் பேச்சு வந்துவிடும். ஊரில் எல்லோருக்கும் அவர் நர்சம்மா. மாதாமாதம் எடையும் ரத்த அழுத்தமும் பார்க்கும்போது, "இதோட முடிச்சிக்கலாம்ல?" என்று ஒரு வார்த்தை விழும். மாமியாரிடமும் விழும், ஏனென்றால் சம்மதம் அங்கிருந்துதான் வர வேண்டும். சட்டப்படி கணவனின் கையெழுத்துகூடத் தேவையில்லை. மத்திய அரசின் விதி கேட்பது அந்தப் பெண்ணின் சம்மதத்தை மட்டுமே. அவளுக்கு 22 வயது நிறைந்திருக்க வேண்டும், ஒரு குழந்தையாவது ஒரு வயதைத் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் மாமியார் தலையசைக்காமல் ஆபரேஷன் மேஜைக்குப் போகிறவர்கள் குறைவு.

பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் அப்படித்தான். குழந்தை பிறந்த ஓரிரு நாளில் ஆபரேஷன். அப்போது செய்வதில் மருத்துவ வசதி ஒன்று இருக்கிறது. பிரசவம் ஆன உடனே கர்ப்பப்பை இன்னும் பெரிதாக, தொப்புள் உயரத்தில் இருக்கும். கருக்குழாய்களும் மேலே வந்திருக்கும். தொப்புளுக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறினால் குழாய் கைக்கு எட்டிவிடும். அதை வளைத்து, கட்டி, மடிப்பை வெட்டிவிடுவார்கள். ஏழு நாள் தாண்டினால் கர்ப்பப்பை கீழே இறங்கிவிடும், பிறகு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். சிசேரியன் என்றால் வயிறு ஏற்கெனவே திறந்திருக்கிறது, அதிலேயே முடிந்துவிடும்.

இந்த மருத்துவ வசதி ஊர் வழக்கத்தோடு கச்சிதமாகப் பொருந்தியதுதான் முக்கியம். பிள்ளை பெற்றவள் எப்படியும் படுத்திருப்பாள். அம்மா துணைக்கு வந்திருப்பாள். பத்தியச் சாப்பாடு, காய மருந்து, வெந்நீர்க் குளியல் எல்லாம் நடக்கும். அவளை யாரும் நடவுக்குக் கூப்பிடப்போவதில்லை. தீட்டு முடியும்வரை கணவனும் தள்ளியே இருப்பான். ஆபரேஷனுக்கு வேண்டிய ஓய்வு, துணை, விலக்கு அத்தனையையும் வழக்கமே முன்கூட்டி ஏற்பாடு செய்து வைத்திருந்தது. தனியாக ஒரு நாள் குறிக்க வேண்டாம், கூலியை இழக்க வேண்டாம், பக்கத்து வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டாம். ஆணுக்கு இப்படி ஒரு இடம் நம் வழக்கத்தில் எங்குமே இல்லை. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான் அவன் ஓய்வு. இந்த வித்தியாசத்தை எந்த ஊக்கத்தொகையாலும் ஈடுகட்ட முடியவில்லை.

இரண்டு போதும் என்ற எண்ணமே எப்படி வந்தது என்று கேட்கலாம். சிவப்பு முக்கோணமும் "நாம் இருவர் நமக்கு இருவர்" வாசகமும் கொண்டுவந்தது என்பவர்கள் உண்டு. அதே முக்கோணம் பீகார் சுவர்களிலும் இருந்தது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைக்குச் சற்று மேல் என்ற அளவு 1993லேயே வந்துவிட்டது. பீகார் இன்னும் அங்கே வரவில்லை. டெல்டாவில் நிலமில்லாத கூலிக் குடும்பங்களும் இந்த மாற்றத்தில் பின்தங்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பண்ணையாள் முறை இருந்த காலத்தில் பிள்ளையும் ஒரு கை. ஆறேழு வயதில் மாடு மேய்க்கப் போய்விடும், வளர்ந்ததும் அப்பா இடத்தில் நிற்கும். 1952இன் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், பல பத்தாண்டுகள் நடந்த கூலிப் போராட்டங்களும் அந்தக் கட்டை உடைத்தன. பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவை விரிவாக்கியபோது அதற்கு இன்னும் பிடிமானம் கிடைத்தது. படிக்க வைக்கும் பிள்ளை செலவு வைக்கும் பிள்ளை. அந்தக் கணக்கைப் போடுவதற்கு யாரும் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. பெண்ணின் கல்யாண வயதும் மெல்ல ஏறியது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் வந்த திருமண உதவித் திட்டம் எட்டாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. மூவலூர் மயிலாடுதுறைக்குப் பக்கத்து ஊர்.

எல்லாவற்றுக்கும் கீழே ஒரு நம்பிக்கை இருக்க வேண்டும்: பிறந்த பிள்ளை தங்கும். 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தை பிறந்தால் நூற்றுக்கும் மேல் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்தன. 2020இல் அது 13. அந்த நம்பிக்கை இல்லாத ஊரில் இரண்டோடு நிறுத்து என்று யார் சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

அந்த நம்பிக்கை ஒரே காலையில் உடைந்த இடமும் டெல்டாவின் கரையில்தான் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற மீனவக் குப்பங்களில் இறந்தவர்களில் குழந்தைகள் ஏராளம். பிள்ளைகளை இழந்த அம்மாக்களில் பலர் இரண்டோ மூன்றோ பெற்று, சொன்னபடி ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்.

அரசு இலவசமாக மறு இணைப்பு ஆபரேஷன் செய்துதர முன்வந்தது. வெட்டிய குழாயைத் திரும்ப இணைப்பது வெட்டுவதைப்போல் கால் மணி நேர வேலை இல்லை. வயிற்றைத் திறந்து, தழும்பான முனைகளை நீக்கி, பூதக்கண்ணாடியின் துணையோடு மெல்லிய நூலால் முனையோடு முனை தைக்க வேண்டும். கர்ப்பம் தரிப்பதா இல்லையா என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது. முதலாவது, மிச்சமிருக்கும் குழாயின் நீளம். நாலு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் வாய்ப்பு மங்கும். அடுத்தது, முன்பு எந்த முறையில், எந்த இடத்தில் வெட்டினார்கள் என்பது. குழாயின் விரிந்த முனையையே எடுத்திருந்தால் செய்வதற்கு எதுவும் இல்லை. மூன்றாவது, வயது. முப்பத்தைந்தைத் தாண்டினால் குழாய் திறந்திருந்தாலும் பலன் குறைவு. வெற்றியிலும் ஒரு ஆபத்து உண்டு: கரு குழாயிலேயே தங்கிவிடலாம். அதனால் நாள் தள்ளிப்போன உடனே ஸ்கேன் எடுத்துக் கரு எங்கே இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

இருபத்தைந்து வயதை ஒட்டி ஆபரேஷனை முடித்துக்கொள்வது இங்கே வழக்கம் என்பதால், மருத்துவக் கண்ணோட்டத்தில் இந்த அம்மாக்களில் பலருக்கு வயது சாதகமாகவே இருந்தது. சிலர் மீண்டும் பெற்றார்கள். எனக்கு இதில் உறுத்துவது வேறு. இருபது வருஷமாக நிறுத்து என்று சொன்ன அதே ஆஸ்பத்திரியும் அதே உறவும் இப்போது பெற்றுக்கொள் என்று சொன்னன. துக்கம் ஆறுவதற்குள் இரண்டாவது முறையாக மேஜையில் ஏறியதும் பெண்தான். பிள்ளை வேண்டுமா, போதுமா என்று அவளைக் கேட்பதற்கு ஊரில் ஒரு வழக்கமும் உருவாகியிருக்கவில்லை. உருவாகியிருந்தது எண்ணிக்கைக்கான வழக்கம் மட்டுமே.

அது உண்டாக்கிய மற்றொரு குறை, பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி விடும் முறைகள் வேர்பிடிக்காமல் போனது. காப்பர்-டி, மாத்திரை, ஆணுறை மூன்றையும் கூட்டினாலும் ஆபரேஷனின் பக்கத்தில்கூட வராது. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி வைக்கும் முறையை அரசு ஆஸ்பத்திரிகள் சில ஆண்டுகளாக முன்வைக்கின்றன. முதல் பிரசவத்துக்குப் பிறகு வைக்க ஏற்ற முறை. வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். ஆனால் பலரிடம் அது அம்மாவையும் மாமியாரையும் தாண்டுவதில்லை. "உள்ள ஏதோ வச்சா புண்ணாயிடும், உதிரப்போக்கு அதிகமாகும்" என்ற பேச்சு. வைத்த முதல் சில மாதம் உதிரப்போக்கு கூடுவது உண்மைதான். அதை முன்கூட்டிச் சொல்லி, ஆறு வாரத்தில் கூப்பிட்டுப் பார்க்கிற நர்சம்மா இருக்கும் இடத்தில் அது தங்குகிறது. வெறுமே வைத்து அனுப்பும் இடத்தில் மூன்றாம் மாதம் எடுத்துவிடுகிறார்கள்.

ஆண் பிள்ளை விஷயத்தையும் விட முடியாது. முதலிரண்டும் பெண் என்றால் "இதோட முடிச்சிக்கலாம்" என்ற நர்சம்மாவின் குரல் சுருதி இறங்கும். 1992இல் வந்த பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் அந்த இடத்தில்தான் கை வைத்தது. பெண் குழந்தை மட்டுமே உள்ள பெற்றோரில் ஒருவர் குறிப்பிட்ட வயதுக்குள் ஆபரேஷன் செய்துகொண்டால் பிள்ளையின் பெயரில் அரசு பணம் போட்டுவைக்கும். ஒருவர் என்றுதான் விதி சொல்கிறது. அந்த ஒருவர் யார் என்பதை வீடு முடிவு செய்கிறது.

இப்போது காற்று திரும்பிவிட்டது. 2020 கணக்கில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை. 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் நடந்த ஒரு கல்யாண விழாவில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், முன்பெல்லாம் அவசரப்படாமல் பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னோம், இப்போது உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்று மணமக்களிடம் சொன்னார். தொகுதி மறுவரையறையில் மக்கள்தொகை குறைந்த மாநிலம் இடங்களை இழக்கும் என்ற கவலை அதன் பின்னணி. அரசியலாக அந்தக் கவலை நியாயமானது. ஆனால் உடனே பெற்றுக்கொள்வதில் டெல்டாவுக்கு எந்தக் காலத்திலும் பிரச்சினை இருந்ததில்லை, அதைத்தான் மாமியார்கள் ஏற்கெனவே பார்த்துக்கொள்கிறார்களே. எண்ணிக்கை குறைவதற்குக் காரணம் இரண்டாவதோடு, சில வீடுகளில் முதலாவதோடு, நிறுத்துவது.

அதை மேடைப் பேச்சு மாற்றும் என்று நான் நம்பவில்லை. பள்ளிக் கட்டணமும் டியூஷனும் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய் வாடகை கொடுப்பதும் இரண்டாவது பிள்ளையையே யோசிக்க வைக்கின்றன. அரசின் மகப்பேறு உதவித் தொகை முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். அரசு ஊழியருக்கான மகப்பேறு விடுப்பும் அப்படியே இருந்தது. மூன்றாவது பிரசவத்துக்கு விடுப்பு மறுக்கப்பட்ட தமிழ்நாட்டு ஆசிரியை ஒருவர் உச்ச நீதிமன்றம்வரை போய், 2025 மே மாதம்தான் தனக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றார். மேடை ஒன்று சொல்கிறது, விதிப் புத்தகம் இன்னொன்று சொல்கிறது. மன்னார்குடிப் பக்கத்து வீட்டில் இரண்டாவது கர்ப்பம் பதிவாகும் நாளில் நர்சம்மா கேட்பது இன்றும் பழைய கேள்வியைத்தான். கூட வந்திருக்கும் கணவனை யாரும் எதுவும் கேட்பதில்லை.